நான்கு மூலைகளுக்குள் மறையும் போர்டு

காரைக்குடிப் பக்கம் ஒரு தெரு. கதை நடப்பது 1962இல். டிரைபாடில் நிற்கும் கேமரா, பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டுக் கதவில் தொடங்கி, நீண்ட சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தபடியே மெதுவாக வலப்பக்கம் திரும்புகிறது. கடைசியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் வந்து நிற்கிறது. மொத்தம் எட்டு விநாடி. வசனம் கிடையாது. வெளிச்சமும் நடிப்பும் நன்றாக அமைந்துவிட்டன. ஆனால் பெரியவருக்குப் பக்கத்துச் சுவரில், மூன்றடி அகலம் இரண்டடி உயரத்தில், மொபைல் ரீசார்ஜ் கடையின் நீலத் தகர போர்டு ஒன்று தொங்குகிறது. பார்ப்பவர் கண் பெரியவரிடம் போகாமல் நேரே அதில்தான் போய் விழும்.

"அண்ணே, போர்டைக் கழற்ற வீட்டுக்காரர் ஒத்துக்கல. சிஜியில பாத்துக்கலாம்ல?" என்று உதவி இயக்குநர் கேட்பார். இந்த ஷாட்டைப் பொறுத்தவரை, பார்த்துக்கொள்ளலாம். சுவர் அசையவில்லை, போர்டு அசையவில்லை, கேமரா நின்ற இடத்திலிருந்து தலையை மட்டும் திருப்புகிறது. படத்திலிருந்து ஒரு பொருளை நீக்கும் வேலைகளில் இதைவிடச் சாதகமான நிலை அரிது. அது ஏன் சாதகம், அப்படியிருந்தும் எங்கே காலை வாரிவிடும் என்பதை இந்த ஒரு ஷாட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

செய்ய வேண்டியதைச் சொல்வது எளிது. போர்டு இல்லாத வெறும் சுவரை ஒரு சிறிய படமாகத் தயார் செய்துகொள்ள வேண்டும். இதைத்தான் பேட்ச் என்கிறார்கள். ஒட்டு என்றும் சொல்லலாம். அதை போர்டின் மேல் ஒட்டி, கேமரா திரும்பத் திரும்ப அதுவும் சுவரோடு சேர்ந்து நகரும்படி செய்ய வேண்டும். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். எட்டு விநாடிக்கு 192. இந்த 192 படங்களிலும் ஒவ்வொன்றாக போர்டை அழித்து வரைந்தால், எவ்வளவு கைத்தேர்ச்சி உள்ளவர் வரைந்தாலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் சிறு வேறுபாடு வரும். ஓட்டிப் பார்த்தால் சுவரின் அந்த இடம் மட்டும் கொதிப்பதுபோல் அலைபாயும். அதனால் ஒரே ஒரு படத்தை நன்றாக வரைந்து, மற்ற 191க்கும் அதையே கணக்குப்படி கொண்டுபோய் வைக்கிறார்கள்.

எந்தக் கணக்கு என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. கேமரா வலப்பக்கம் திரும்பினால் படத்தில் சுவர் இடப்பக்கம் நகரும். ஆகவே ஒட்டையும் இடப்பக்கம் நகர்த்தினால் போதும் என்று தோன்றும். போதாது. நம் ஷாட்டில் 35 மி.மீ. லென்ஸ், சுவர் பத்து மீட்டர் தூரம், படத்தின் அகலம் 1920 பிக்சல், அதில் அடங்கும் காட்சி ஏறக்குறைய 40 டிகிரி. போர்டு முதலில் வலது ஓரத்தை ஒட்டித் தெரிகிறது. 17 டிகிரி திரும்பியதும் நடுவுக்கு வந்துவிடுகிறது. நடுவில் அதன் அகலம் சுமார் 240 பிக்சல். ஓரத்தில் இருந்தபோதோ ஏறக்குறைய 262! ஒரு தட்டையான சென்சாரில் படம் விழும்போது, ஓரத்துக்குப் போகப் போக எல்லாப் பொருள்களும் வெளிப்பக்கமாக இழுபடுகின்றன. அதனால் அகலம் ஒன்பது சதவீதம் கூடுகிறது, உயரம் நான்கைந்து சதவீதம் கூடுகிறது, நேர்கோணமாக இருந்த மூலைகளும் சற்றே சாய்கின்றன. நடுவில் இருந்தபோது வரைந்த ஒட்டை வெறுமனே தள்ளிக்கொண்டு போனால், ஓரத்தில் இருபது பிக்சலுக்கு மேல் குறைபடும். நீலத் தகரத்தின் விளிம்பு எட்டிப் பார்க்கும்.

ஆகவே நகர்த்தினால் போதாது. நீட்ட வேண்டும், சுருக்க வேண்டும், சாய்க்கவும் வேண்டும். இத்தனையையும் ஒரே கணக்கில் அடக்கும் ஒரு வடிவியல் உறவு இருக்கிறது. தட்டையான ஒரு பரப்பை கேமரா எங்கிருந்து, எந்தக் கோணத்தில் பார்த்தாலும், ஒரு பார்வையில் தெரியும் நாற்கரத்தின் நான்கு மூலைகள் அடுத்த பார்வையில் எங்கே போய்விட்டன என்று தெரிந்தால் போதும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் எங்கே போயிருக்கும் என்று துல்லியமாகக் கணக்கிட்டுவிடலாம். இந்த உறவுக்குத் தேவைப்படுபவை எட்டே எண்கள்; நான்கு மூலைகள், மூலைக்கு இரண்டு அளவு. போர்டை மறைக்கும் மென்பொருள்கள் எல்லாமே நான்கு மூலைகளைக் கேட்பது இதனால்தான்.

சுவர் தட்டையாக இருப்பதால் நமக்கு இந்த உறவு கிடைத்துவிடுகிறது. அதோடு, கேமரா இடம் மாறாமல் திரும்ப மட்டும் செய்யும்போது இதே உறவு இன்னொரு வழியிலும் கிடைக்கிறது. அப்போது காட்சி தட்டையாகக்கூட இருக்க வேண்டியதில்லை. அருகே உள்ள தூணும் தொலைவில் உள்ள கோபுரமும் ஒரே கணக்குப்படிதான் படத்தில் நகரும். ஒன்று இன்னொன்றுக்கு முன்னால் விலகி, புதிதாக எதையும் காட்டாது. கேமரா டிராலியில் ஓடினால் கதையே வேறு: தூண் வேகமாக நகரும், கோபுரம் மெதுவாக நகரும், தூணுக்குப் பின்னால் மறைந்திருந்த பகுதி வெளியே வரும். அப்போது ஒரே ஒட்டு உதவாது. மெதுவான பேன் ஷாட்டைப் பார்த்ததும் கிராஃபிக்ஸ் செய்பவர் மூச்சை நிதானமாக விடுவதன் காரணம் இதுதான்.

ஆனால் டிரைபாடின் அச்சு லென்ஸுக்குள் சரியாக ஒளி குவியும் இடத்தில் இருப்பதில்லை; பெரும்பாலும் அதற்குச் சில அங்குலம் பின்னால் இருக்கும். பத்து செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால், 17 டிகிரி திரும்பும்போது லென்ஸ் மூன்று செ.மீ. இடம் பெயர்கிறது. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்கும், அதற்கு ஒரு மீட்டர் முன்னால் நிற்கும் திண்ணைத் தூணுக்கும் இடையே இதனால் வரும் விலகல் ஒரு பிக்சலைக்கூட எட்டாது. கேமராவுக்கு இரண்டு மீட்டர் முன்னால் ஒரு மின்கம்பி குறுக்கே போகிறதென்றால், அது சுவரைவிட முப்பது பிக்சல் விலகும். போர்டுக்கு முன்னால் அப்படிக் கம்பி இருந்தால் அதை ஒட்டோடு சேர்த்து வரைந்துவிடக் கூடாது. சுவரை ஒரு ஒட்டாகவும், கம்பியை அதற்கு மேல் இன்னொரு ஒட்டாகவும் வைத்து இரண்டையும் தனித்தனியாக நகர்த்த வேண்டும்.

இனி டிராக்கிங். சுவரில் சில புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால், மென்பொருள் அவற்றை ஃபிரேம் ஃபிரேமாகத் தேடிக்கொண்டே போகும். புள்ளி என்பது உண்மையில் இருபது முப்பது பிக்சல் அகலமுள்ள ஒரு சிறு சதுரம். அதே சதுரம் அடுத்த ஃபிரேமில் எங்கே மிக நன்றாகப் பொருந்துகிறது என்று மென்பொருள் பார்க்கிறது. இதன் அடிப்படையை 1981இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லூகாஸ், தாகேயோ கனாடே என்ற இருவர் எழுதினார்கள். அவர்கள் நினைத்தது சினிமாவை அல்ல. இரண்டு கேமராப் படங்களைப் பொருத்தி ஆழம் அறிவதை. எந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் நன்றாகப் பின்தொடரலாம் என்பதை 1994இல் ஜியான்போ ஷி, கார்லோ தொமாசி இருவரும் ஒரு ஆய்வுக் கட்டுரையில் கணக்காகவே காட்டினார்கள். அதன் சாரம்: மூலை வேண்டும்.

ஒரு நேர்கோட்டைச் சிறு சதுரத்தின் வழியே பாருங்கள். கோடு தன் நீளவாக்கில் நகர்ந்தால் உங்களுக்குத் தெரியாது. எங்கே பார்த்தாலும் அதே கோடுதான். மென்பொருளுக்கும் அதே கதி. நம் சுவரின் அடியில் ஓடும் பட்டைக் கோட்டில் புள்ளி வைத்தால் அது கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். ஜன்னல் கம்பி சட்டத்தோடு சேரும் இடம், காரை பெயர்ந்த பள்ளத்தின் கூரான முனை, ஆணித் துளை ஆகியவை நல்ல புள்ளிகள். மழைநீர் வழிந்த கறை கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் அதன் விளிம்பு மங்கலாக இருப்பதால் புள்ளி நிலைகொள்ளாமல் ஆடும். காற்றில் ஆடும் துணியிலோ, இலை நிழலிலோ, திண்ணைப் பெரியவரின் மேல்துண்டிலோ புள்ளி வைப்பது வேலைக்கு ஆகாது.

போர்டின் மூலைகளையே பின்தொடரலாமா? நம் போர்டு தகரம், நான்கு ஆணியில் இறுகி நிற்கிறது, தாராளமாகப் பின்தொடரலாம். நீலத்துக்கும் வெள்ளைச் சுவருக்கும் இடையே உள்ள வேறுபாடு நல்ல பிடிமானம் தரும். ஃபிளெக்ஸ் பேனராக இருந்தால் கூடாது. பேனர் காற்றில் உப்பும், மூலை நகரும். ஒட்டும் அதோடு சேர்ந்து மூச்சு வாங்கும்.

ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில் இந்த வசதி 2013இல் வந்த 2.69 பதிப்பிலிருந்து இருக்கிறது. Movie Clip Editor என்ற பகுதியில் ஷாட்டைத் திறந்து, போர்டைச் சுற்றி ஆறேழு புள்ளிகளை வைத்து, Ctrl+T அழுத்தினால் அவை பின்தொடரப்படும். பிறகு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து Create Plane Track என்று கொடுத்தால் ஒரு நாற்கரம் வரும். அதன் மூலைகளை இழுத்து, போர்டைவிடச் சற்றுப் பெரிதாக அமைத்துக்கொள்ள வேண்டும். நான்கு புள்ளிகள் இருந்தாலே கணக்கு நடக்கும். கூடுதலாக வைப்பது, ஒன்று வழுக்கினாலும் மற்றவை தாங்கிப்பிடிக்கட்டும் என்பதற்காக. தொழிலில் பெரிதும் புழங்கும் மோக்கா என்ற மென்பொருள் புள்ளிகளுக்குப் பதிலாக ஒரு பரப்பையே மொத்தமாகப் பின்தொடர்கிறது. அதை உருவாக்கியவர்களுக்கு 2013இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி தன் அறிவியல் தொழில்நுட்ப விருதுகளில் ஒன்றைக் கொடுத்தது. கருவி எதுவானாலும் உள்ளே ஓடுவது அந்த எட்டு எண் கணக்குதான்.

பின்தொடர்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு ஃபிரேமையும் அதற்கு முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். நூற்றைம்பது ஃபிரேமில் ஒட்டு மெல்ல நழுவிவிடும். முதலில் குறித்த ஃபிரேமோடு மட்டுமே ஒப்பிட்டால் நழுவாது. ஆனால் ஓரத்தில் இழுபட்டுத் தெரிந்த பள்ளத்தின் முனை நடுவுக்கு வரும்போது வேறு உருவமாகத் தெரிவதால், சில நேரம் புள்ளி தொலைந்துபோகும். மெதுவான பேன் என்றால் இரண்டாவது முறையில் தொடங்குவதே என் வழக்கம். தொலைந்த இடத்தில் மட்டும் கையால் புள்ளியைச் சரியாக வைத்துவிட்டு மறுபடி ஓட்டுவேன்.

அடுத்தது ஒட்டை வரைவது. எந்த ஃபிரேமில் வரைவது? போர்டு பெரிதாக, கூர்மையாக, மறைப்பில்லாமல் தெரியும் ஃபிரேம் வேண்டும். நம் ஷாட்டில் கேமரா 163ஆம் ஃபிரேமில் திரும்பி முடித்து நின்றுவிடுகிறது. 172இல் பெரியவர் பனையோலை விசிறியைத் தூக்குகிறார், அது போர்டின் கீழ் மூலையைக் கடக்கிறது. ஆகவே இடையில் உள்ள ஒன்பது ஃபிரேம்கள்தான் தங்கம். 167ஐ எடுத்துக்கொள்வோம்.

போர்டை மட்டும் மறைப்பதே புதியவர்கள் செய்யும் பிழை. வெயில் இடது மேல்பக்கத்திலிருந்து வருவதால் போர்டின் வலது விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு விரல் கனத்துக்கு நிழல் விழுந்திருக்கும். போர்டை நீக்கிவிட்டு நிழலை விட்டால், சுவரில் காரணமே இல்லாத ஒரு இருண்ட கோடு நிற்கும். பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும். அதோடு தகரத்தின் நீலம் பக்கத்துச் சுண்ணாம்பின் மேல் மெல்லிய சாயலாகப் பட்டிருக்கும். இவற்றையும் சேர்த்துத்தான் ஒட்டின் அளவு முடிவாகும்: 240க்கு 160 பிக்சல் போர்டுக்கு, ஏறக்குறைய 300க்கு 220 பிக்சல் ஒட்டு. போர்டின் ஆணியிலிருந்து கீழே இறங்கும் துருக்கறை இந்த எல்லைக்கு வெளியே இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவேன். பழைய சுவரில் துருக்கறை இருப்பது இயல்பு. கையால் வரைந்த எந்தச் சுவரையும்விட, கேமரா பிடித்த சுவரே நம்பும்படி இருக்கும்; அதைத் தேவைக்கு மேல் தொடாமல் இருப்பது நல்லது.

சுவரின் மற்ற இடங்களிலிருந்து எடுத்து போர்டின் மேல் பூசும்போது, பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ எடுக்கக் கூடாது. தெருவோரச் சுவரின் அழுக்கு உயரத்தைப் பொறுத்து மாறும். அடியில் மழைச்சேறு தெறித்த செம்மை, இடுப்பு உயரத்தில் ஆட்கள் சாய்ந்த கருமை, மேலே நீர் வழிந்த கோடுகள். அதே உயரத்தில் இடப்பக்கமிருந்து ஒரு பகுதி, வலப்பக்கமிருந்து ஒரு பகுதி என்று கலந்து எடுத்தால் இந்த அடுக்கு குலையாது. ஒரே கறை இரண்டு இடத்தில் தெரிகிறதா என்று கடைசியில் தேடிப் பார்த்து, இருந்தால் ஒன்றைக் கலைத்துவிட வேண்டும். ஒட்டின் விளிம்பைப் பத்துப் பதினைந்து பிக்சல் அகலத்துக்கு மெல்லக் கரையவிட்டால் சுவரோடு கலந்துவிடும்.

இதுவரை செய்ததை ஓட்டிப் பார்த்தால் போர்டு போயிருக்கும். ஒட்டு நழுவவும் செய்யாது. ஆனாலும் அங்கே ஏதோ இருக்கிறது என்று கண் சொல்லும். ஒட்டு மிகச் சுத்தமாக இருப்பதுதான் காரணம். மிச்சப் படம் முழுக்க கேமராவின் குறைகள் இருக்கின்றன. ஒட்டில் அவை இல்லை, அல்லது தவறான இடத்தில் இருக்கின்றன. இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக ஒட்டுக்குக் கொடுப்பதில்தான் இந்த வேலையின் பாதி நேரம் போகிறது. அதைக் கொடுக்காமல் விட்ட வேலையை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதல் குறை கிரெய்ன். எந்த கேமராவின் படத்திலும் மணல் தூவியது போன்ற நுண்ணிய புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறி மாறித் துடித்துக்கொண்டிருக்கும். நம் ஒட்டு ஒரே ஃபிரேமிலிருந்து எடுத்தது. அதில் புள்ளிகள் உறைந்து நிற்கின்றன. சுற்றிலும் படம் துடிக்க, அந்தச் சதுரத்தில் மட்டும் அழுக்குப் படிந்த கண்ணாடியைச் சுவரின் மேல் வைத்து நகர்த்தியது போலிருக்கும். இதற்கு முதலில் ஒட்டிலிருந்து புள்ளிகளை எடுத்துவிட வேண்டும். கேமரா அசையாமல் நின்ற ஒன்பது ஃபிரேம்களையும் சேர்த்துச் சராசரி எடுத்து, அந்தப் படத்தின் மேல் ஒட்டை வரைந்திருந்தால் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். பதினாறு ஃபிரேம் கிடைத்தால் நான்கில் ஒரு பங்கு. பிறகு ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகப் புள்ளிகளைத் தூவ வேண்டும். அளவைச் சரிபார்க்க சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது அவசியம். பெரும்பாலான கேமராக்களில் நீலத்தில்தான் புள்ளிகள் அதிகம். மூன்றுக்கும் ஒரே அளவு தூவினால் நீலத்தில் மட்டும் ஒட்டு வழவழப்பாகத் தெரியும்.

இரண்டாவது, கேமரா திரும்பும்போது வரும் இழுவை. 24 ஃபிரேமில் வழக்கமான ஷட்டர் திறந்திருப்பது விநாடியில் 48இல் ஒரு பங்கு, அதாவது ஃபிரேமின் பாதி நேரம். நம் பேன் வேகம் உச்சத்தில் இருக்கும்போது சுவர் ஃபிரேமுக்கு ஏழு பிக்சல் நகர்கிறது. ஆகவே சுவரின் ஒவ்வொரு விவரமும் மூன்றரை பிக்சல் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். கேமரா நின்றபோது வரைந்த ஒட்டில் அந்த இழுவை இல்லை. பேன் தொடங்கும்போதும் முடியும்போதும் எல்லாம் பொருந்தி, நடுவில் மட்டும் அந்தச் சதுரம் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ப்ளெண்டரின் Plane Track Deform என்ற கணுவில் Motion Blur இருக்கிறது. அதை இயக்கி Shutter அளவை 0.5 என்று வைத்தால், வேகத்துக்குத் தக்கபடி அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நாமே ஓர் அளவைக் கையால் கொடுப்பது சரிவராது. வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது குறையைப் பலர் கவனிப்பதே இல்லை. லென்ஸ் நடுவில் தரும் வெளிச்சத்தை ஓரத்தில் தருவதில்லை. ஓரம் சற்று மங்கும். நம் ஒட்டு நடுவில் இருந்தபோது எடுத்தது. போர்டு ஓரத்தில் இருக்கும் முதல் ஃபிரேம்களில் சுற்றியிருக்கும் சுவர் மங்கலாகவும் ஒட்டு வெளுத்தும் இருக்கும். தேடினால் தெரியாத அளவுக்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் ஒட்டு நகர நகர அந்த வேறுபாடு குறைந்துகொண்டே வருவதைக் கண் பிடித்துவிடும். முதல் ஃபிரேமில் ஒட்டின் வெளிச்சத்தைச் சுவரோடு பொருத்தி ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, 163இல் ஒரு அளவு என்று மூன்று இடத்தில் குறித்தால் போதும்; இடைப்பட்டதை மென்பொருள் நிரப்பிக்கொள்ளும். இதே வகையில் லென்ஸ் நேர்கோடுகளைச் சற்று வளைக்கும் பழக்கமும் ஓரத்தில்தான் கூடுதலாகத் தெரியும். அகன்ற லென்ஸ் என்றால் முதலில் ஷாட் முழுவதையும் நிமிர்த்தி, வேலை முடிந்தபின் ஒட்டை மட்டும் பழையபடி வளைத்து அசல் ஷாட்டின் மேல் வைக்க வேண்டும். 35 மி.மீ.யில் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடலாம்.

கடைசியில் விசிறி. 172ஆம் ஃபிரேமுக்குப் பிறகு விசிறி ஒட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அதன் விளிம்பை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து, அசல் படத்திலிருந்து அதை மட்டும் மேலே கொண்டுவர வேண்டும். ரோட்டோ என்று சொல்வது இதைத்தான். இருபது ஃபிரேம்தான், ஆனால் மொத்த வேலையில் இதற்கே அதிகப் பொறுமை வேண்டும். விசிறியின் நரம்பு விளிம்புக்குள் போர்டின் நீலம் கலந்து நிற்கும். அதைத் தனியாக வெளுக்கவும் வேண்டும்.

முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாதாரணமாக ஓட்டிப் பார்ப்பது போதாது. எந்த இடத்தில் ஒட்டு இருக்கிறது என்று தெரிந்த கண்ணுக்கு நடுநிலை இருக்காது. நான் நம்புவது இரண்டு சோதனைகளை. ஒன்று, டிராக்கிங் கணக்கைத் திருப்பிப் போட்டு சுவரை அசையாமல் நிறுத்துவது. இப்போது படத்தின் சட்டம்தான் நகரும். சுவர் கல்லாக நிற்கும். ஒட்டு அரை பிக்சல் நழுவினாலும், நிற்கும் சுவரின் மேல் அது ஊர்வது பளிச்சென்று தெரியும். இரண்டாவது, படத்தின் மாறுபாட்டை அளவுக்கு மீறி ஏற்றி, இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கி, இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுவது. வெளிச்ச வேறுபாடும் உறைந்த கிரெய்னும் அதில் தப்பாது. தியேட்டரில் பன்னிரண்டு மீட்டர் அகலத் திரையில், 2048 பிக்சல் அகலப் படத்தின் ஒரு பிக்சல் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர். லேப்டாப் திரையில் தெரியாதது அங்கே தெரியும்.

இதே தெருவில், இதே பேன் ஷாட்டில், எதிரே ஒரு வேப்பமரம் நின்று அதன் இலை நிழல் போர்டின் மேலும் சுவரின் மேலும் ஆடிக்கொண்டிருந்தால், மேலே சொன்ன எதுவும் போதாது. ஒட்டு உறைந்த படம். சுற்றிலும் நிழல் ஆட, அந்தச் சதுரத்துக்குள் மட்டும் காற்று நின்றுவிடும். பக்கத்துச் சுவரில் ஆடும் நிழலைத் தனியே பிரித்தெடுத்து ஒட்டின் மேல் ஓடவிட வேண்டியிருக்கும். ஒரு நாளில் முடியும் வேலை ஒரு வாரத்துக்கு நீளும். சட்டென்று மேகம் கடந்து வெளிச்சம் மாறுவதும், கேமராவைத் தானாக வெளிச்சம் சரிசெய்துகொள்ளும்படி விட்டுவிடுவதும் இதைவிடச் சிறியதாக இருந்தாலும் இதே வகைத் தொல்லைதான்.

அதனால் படப்பிடிப்பில் உதவி இயக்குநரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஷாட் முடிந்ததும் டிரைபாடை அசைக்காமல், லென்ஸை மாற்றாமல், ஃபோகஸைத் தொடாமல், வீட்டுக்காரரிடம் பேசி போர்டை ஐந்தே நிமிடத்துக்கு இறக்கி வைக்க முடியுமா என்று பாருங்கள். பேன் முடிந்த நிலையிலேயே வெறும் சுவரைப் பத்து விநாடி எடுத்துக் கொடுத்துவிடுங்கள். கிளீன் பிளேட் என்பது அதுதான். நாள் முழுக்கப் போர்டைக் கழற்றச் சம்மதிக்காதவர்கூட ஐந்து நிமிடத்துக்குப் பெரும்பாலும் சம்மதிப்பார். அது கிடைத்தால் சுவரை வரைய வேண்டியதே இல்லை. பத்து விநாடியில் 240 ஃபிரேம், சராசரி எடுக்கவும் பஞ்சமில்லை. போர்டுக்குப் பின்னால் இத்தனை காலம் வெயில் படாமல் இருந்த சுண்ணாம்பு ஒரு வெள்ளைச் சதுரமாகத் தெரியும். அதைச் சுற்றியிருக்கும் சுவரின் நிறத்துக்குக் கொண்டுவருவது மட்டும்தான் மிச்சம்.